சரியும்போதே மீளக் காத்திருக்கும் நாணயம்

1973 மார்ச்சில் முக்கியத் தொழில் நாடுகள் தங்கள் நாணயங்களுக்கு டாலரில் நிலையான மதிப்பு வைத்திருந்த முறையைக் கைவிட்டன. அதன்பின் நாணயத்தின் விலையைச் சந்தையே தீர்மானித்தது. நாடுகளுக்கிடையே விலைவாசி எவ்வளவு வேறுபடுகிறதோ அந்த அளவுக்கு மாற்று விகிதமும் மெல்ல நகரும் என்று பல பொருளியலாளர்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் விலைவாசி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தபோதே மாற்று விகிதம் சில மாதங்களுக்குள் வெகுதூரம் ஏறி இறங்கியது. ஊக வணிகம்தான் காரணம் என்று பலர் பழி சொன்னார்கள்.

1976-இல் ரூடிகர் டார்ன்புஷ் என்ற பொருளியலாளர் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். சந்தையில் இருப்பவர்கள் அனைவரும் நிதானமாக யோசித்து, எதிர்காலத்தைச் சரியாகக் கணித்து நடந்தாலும்கூட, நாணயம் போய்ச் சேரவேண்டிய இடத்தைத் தாண்டிச் சரிந்துவிட்டுப் பிறகு திரும்பி வரும் என்று அவர் காட்டினார். பொருளியலில் இதற்கு ‘ஓவர்ஷூட்டிங்’ என்று பெயர். பொருள்களின் விலை மெதுவாகவும் நாணயத்தின் விலை நொடியிலும் மாறுவதால் இது நிகழ்கிறது.

இரண்டு வேகங்கள்

ஓர் ஆலை தன் விலைப்பட்டியலை அச்சடித்து முகவர்களுக்கு அனுப்பிவிட்டால் அடுத்த வாரமே அதை மாற்றாது. கூலி ஒப்பந்தம் ஓராண்டுக்கோ அதற்கு மேலோ செல்லும். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஆண்டுக்கொரு முறைதான் ஏறும். வங்கிகளின் அன்னியச் செலாவணி மேசையிலோ டாலரின் விலை நொடிக்கு நொடி மாறும். ஆகவே புழக்கத்தில் உள்ள பணம் திடீரெனக் கூடினால் அதன் முதல் அடியை வட்டியும் மாற்று விகிதமும்தான் வாங்கிக்கொள்கின்றன. விலைவாசி பின்னால் மெதுவாக வந்து சேர்கிறது.

இதைப் பின்தொடர இரண்டு விதிகள் போதும். முதலாவது, வட்டி குறைந்தால்தான் மக்கள் கூடுதல் பணத்தைக் கையிலும் நடப்புக் கணக்கிலும் வைத்துக்கொள்ளச் சம்மதிப்பார்கள். வட்டி அதிகமாக இருக்கும்போது பணத்தைச் சும்மா வைத்திருப்பது நட்டம். இரண்டாவது, பணம் நாடு விட்டு நாடு தடையின்றிச் செல்ல முடியுமானால், உள்நாட்டில் போட்ட பணமும் வெளிநாட்டில் போட்ட பணமும் ஒரே வருமானம் தரவேண்டும். உள்நாட்டு வட்டி குறைவாக இருந்தால் அந்தக் குறையை உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு உயர்வு ஈடுகட்ட வேண்டும்.

முதல் நாள்

கணக்குக்காக ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் நாணயம் வராகன். ஒரு டாலருக்கு 100 வராகன். உள்நாட்டு வட்டியும் வெளிநாட்டு வட்டியும் 6 சதவீதம். விலைவாசிக் குறியீட்டெண் 100. வட்டி ஒரு சதவீதப் புள்ளி குறைந்தால் மக்கள் வைத்திருக்க விரும்பும் பணம் 4 சதவீதம் கூடும். விலைவாசி தான் சேரவேண்டிய இடத்துக்கு உள்ள தூரத்தில் பாதியை ஒவ்வோர் ஆண்டும் கடக்கும். உற்பத்தியின் அளவு மாறாது.

மத்திய வங்கி கடன் பத்திரங்களை வாங்கி, பண அளிப்பை ஒரே தடவையில் 10 சதவீதம் உயர்த்துகிறது. இந்த உயர்வு நிரந்தரமானது என்றும், இதற்கு மேல் உயர்வு வராது என்றும் எல்லோருக்கும் தெரியும். முடிவில் எங்கே போய் நிற்கும் என்பதில் குழப்பமில்லை. விலைவாசி 110 ஆகும், டாலர் 110 வராகன் ஆகும், வட்டி மீண்டும் 6 சதவீதத்துக்கு வரும்.

ஆனால் முதல் நாளில் விலைவாசி 100-லேயே நிற்கிறது. பணம் 10 சதவீதம் கூடியிருக்கிறது. அதை மக்கள் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வட்டி இரண்டரைப் புள்ளி இறங்கி 3.5 சதவீதம் ஆகவேண்டும்.

இப்போது டாலர் 110 வராகனுக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டால் சிக்கல் உடனே தெரியும். இறுதி மதிப்பும் 110 என்பதால் இனி வராகன் ஏறவும் போவதில்லை, இறங்கவும் போவதில்லை. உள்நாட்டில் 3.5 சதவீதம் கிடைக்கிறது, வெளிநாட்டில் 6 சதவீதம். எல்லோரும் வராகனை விற்று டாலர் வாங்கத்தான் பார்ப்பார்கள். விற்பவர்கள் மட்டுமே இருக்கும் சந்தையில் 110 நிலைக்காது. டாலர் 111, 112 என்று ஏறிக்கொண்டே போகும்.

இந்த ஏற்றம் எங்கே நிற்கும்? வராகன் இவ்வளவு மலிந்துவிட்டதே, இனி ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் மதிப்பு மீளும் என்று சந்தை நம்பும் இடத்தில் நிற்கும். விலைவாசியைப் போல மாற்று விகிதமும் ஆண்டுக்குப் பாதித் தூரம் திரும்புமென்றால், பாதி என்பது 2.5 ஆக இருக்க முழுத் தூரம் 5 ஆக இருக்கவேண்டும். எனவே டாலர் முதல் நாளே 115 வராகனில் போய் நிற்கிறது. போய்ச் சேரவேண்டிய இடம் 110, தாண்டியது 5.

கையில் 115 வராகன் உள்ள ஒருவரை வைத்து இதைச் சரிபார்க்கலாம். அவர் அதை உள்நாட்டு வங்கியில் 3.5 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டு முடிவில் சுமார் 119 வராகன் கிடைக்கும். அப்போது டாலர் 112.50 என்றால் அது ஏறத்தாழ 1.06 டாலர். முதல் நாளே அந்த 115 வராகனை ஒரு டாலராக மாற்றி வெளிநாட்டில் 6 சதவீதத்துக்குப் போட்டிருந்தாலும் அதே 1.06 டாலர்தான். எந்தப் பக்கம் போனாலும் ஒரே பலன் என்பதால் விற்கும் அவசரம் யாருக்கும் இல்லை.

ஆண்டுக்கு ஆண்டு

அதன்பின் நடப்பவை நிதானமானவை. டாலர் 15 சதவீதம் ஏறியும் உள்நாட்டு விலைகள் ஏறாததால், அந்நாட்டுச் சரக்கு வெளிநாட்டினருக்கு மலிவாகத் தெரிகிறது. ஏற்றுமதி ஆணைகள் குவிகின்றன. இறக்குமதிச் சரக்கின் விலை ஏறியதால் உள்ளூர்ச் சரக்கைத் தேடுவோரும் கூடுகிறார்கள். வட்டி இறங்கியதால் கடன் வாங்கி வீடு கட்டுவதும் ஆலையை விரிப்பதும் எளிதாகிறது. இந்தத் தேவையெல்லாம் சேர்ந்துதான் விலைகளை மேலே தள்ளுகிறது.

முதலாண்டு முடிவில் விலைவாசி 105. பணம் 10 சதவீதம் கூடியிருந்தாலும் விலையேற்றம் அதில் பாதியைத் தின்றுவிட்டது. மக்கள் வைத்துக்கொள்ள வேண்டிய மிகைப் பணம் பாதியாகிவிட்டதால் வட்டி 4.75 சதவீதத்துக்கு ஏறுகிறது. வெளிநாட்டை விட 1.25 புள்ளிதான் குறைவு. அதை ஈடுகட்ட அடுத்த ஆண்டில் 1.25 அளவு மீட்சி போதும். டாலர் 112.50-இல் நிற்கிறது.

இரண்டாம் ஆண்டு முடிவில் விலைவாசி 107.5, டாலர் 111.25. மூன்றாம் ஆண்டில் மீதித் தூரம் மறுபடி பாதியாகிறது. மொத்தப் பாதையும் இப்படி அமைகிறது:

| காலம் | விலைவாசி | வட்டி (%) | ஒரு டாலருக்கு வராகன் |
|---|---|---|---|
| உயர்வுக்கு முன் | 100 | 6.00 | 100 |
| உயர்ந்த நாள் | 100 | 3.50 | 115 |
| 1 ஆண்டு கழித்து | 105 | 4.75 | 112.50 |
| 2 ஆண்டு கழித்து | 107.5 | 5.38 | 111.25 |
| 3 ஆண்டு கழித்து | 108.75 | 5.69 | 110.63 |
| முடிவில் | 110 | 6.00 | 110 |

முதல் நாள் தவிர்த்து மற்ற எல்லா ஆண்டுகளிலும் விலைவாசி ஏறுகிறது, அதே சமயத்தில் நாணயத்தின் மதிப்பும் உயர்கிறது. வெறும் செய்தித்தாள் படிப்பவருக்கு இது முரணாகத் தோன்றும். இழப்பு முழுவதும் முதல் நாளே, அதுவும் அளவுக்கு மிஞ்சி, கணக்கில் ஏறிவிட்டதால்தான் இப்படி.

தாண்டும் தூரம் எதைப் பொறுத்தது

விலைகள் எவ்வளவு மந்தமோ அவ்வளவு தூரம் நாணயம் தாண்டும். விலைவாசி ஆண்டுக்குப் பாதிக்குப் பதிலாகக் கால்பங்கு தூரம்தான் நகருமென்றால், மாற்று விகிதமும் கால்பங்குதான் திரும்பும். அந்தக் கால்பங்கு 2.5 ஆக இருக்க, தாண்டிய தூரம் 10 ஆகவேண்டும். டாலர் 120 வரை போகும். விலைகள் அன்றே முழுதாக ஏறிவிடுமானால் வட்டி குறையவே தேவையில்லை. டாலர் நேராக 110-க்குப் போய் நின்றுவிடும்.

சந்தையில் இதை அடையாளம் காண ஒரு வழி முன்பேர விலை. வராகன் கணக்கில், இன்றைய டாலர் 115 ஆக இருக்கும்போதே, ஓராண்டு கழித்துக் கொடுக்கவேண்டிய டாலருக்கு 112.50 தான் விலை பேசப்படும். இன்றைய விலை தொலைதூர முன்பேர விலையை விட அதிகமாகத் துள்ளியிருந்தால், அந்தத் துள்ளலில் ஒரு பகுதி திரும்பிவிடும் என்று சந்தையே சொல்கிறது என்று பொருள்.

எதிர்த்திசையில் பிரிட்டன்

பணத்தை இறுக்கினால் இதே கதை தலைகீழாக நடக்கும். விலைவாசியை அடக்க 1979 நவம்பரில் பிரிட்டன் தன் அடிப்படை வட்டியை 17 சதவீதத்துக்கு உயர்த்தியது. 1979 தொடக்கத்தில் சுமார் 2 டாலராக இருந்த பவுண்டு 1980 இறுதிப் பகுதியில் 2.40 டாலரைத் தாண்டியது. அந்த நேரத்தில் பிரிட்டனின் விலைவாசியோ வேகமாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. விலையும் கூலியும் இறங்காமல் பவுண்டு மட்டும் ஏறியதால் ஏற்றுமதி ஆலைகள் நசிந்தன. 1981 கோடையில் பவுண்டு 2 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் வடகடல் எண்ணெய் வருமானமும் அப்போது பவுண்டைத் தூக்கியது, பிறகு அமெரிக்க வட்டி உயர்வு அதை இழுத்தது. ஏற்ற இறக்கம் முழுவதையும் டார்ன்புஷ் கணக்கில் எழுத முடியாது.

கணக்கு பொருந்தாத இடங்கள்

மூன்று இடங்களில் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. உற்பத்தியும் உடனே கூடினால், வருமானம் கூடிய மக்கள் கூடுதல் பணம் வைத்திருக்க விரும்புவார்கள். அப்போது வட்டி அதிகம் இறங்காது, நாணயம் இலக்கைத் தாண்டாமலே போகலாம். இந்த வாய்ப்பை டார்ன்புஷ்ஷே தன் கட்டுரையில் காட்டியிருந்தார்.

பண உயர்வு ஒரே தடவையில் முடியாது, ஆண்டுதோறும் தொடரும் என்று மக்கள் நம்பினாலும் கதை மாறும். விலையேற்றத்துக்கு ஈடாக வட்டி இறங்குவதற்குப் பதில் ஏறும். வட்டி ஏற, நாணயமும் சரிகிறதென்றால் அது இங்கே சொன்ன நிகழ்வு அல்ல.

மூன்றாவது, காலம் பற்றியது. டார்ன்புஷ் கணக்குப்படி துள்ளல் முதல் நாளே உச்சத்தைத் தொடவேண்டும். மார்ட்டின் ஐக்கன்பாம், சார்லஸ் இவான்ஸ் இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கா பணத்தை இறுக்கியபின் டாலர் உடனே உச்சம் தொடாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை ஏறிக்கொண்டே சென்றதாகக் கண்டார்கள். இதைத் தாமதித்த ஓவர்ஷூட்டிங் என்கிறார்கள். மத்திய வங்கியின் முடிவு நிரந்தரமா தற்காலிகமா என்பதைச் சந்தை ஒரே நாளில் தெரிந்துகொள்வதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. நம்பிக்கை சிறிது சிறிதாக உறுதிப்படும்போது, ஒரே நாளில் நடக்கவேண்டிய துள்ளல் பல மாதங்களுக்குப் பரவிவிடுகிறது.