வெப்பத்திலிருந்து உராய்வு

குழாயில் நீர் கொந்தளித்து ஓடும்போது, சுவரின் வெப்பத்தை நடுப்பகுதிக்குக் கொண்டுசெல்லும் அதே சுழல்கள்தான் நீரின் வேகத்தைச் சுவரில் இழக்கவும் செய்கின்றன. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1874-இல் கண்ட இந்த ஒப்புமையை ஆலன் கோல்பர்ன் 1933-இல் செம்மைப்படுத்தினார்:

f = 8 St Pr^(2/3)

f உராய்வுக் காரணி. St, நீர் சுமக்கும் வெப்பத்தோடு ஒப்பிட்ட வெப்பக் கடத்தல். Pr, திரவத்தின் பண்பு.

25 மி.மீ. விட்டமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட வழவழப்பான குழாயின் சுவர் 60 டிகிரியில் இருக்கிறது. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் 20 டிகிரியில் நுழைந்து 40-இல் வெளியேறுகிறது. சுவருக்கும் நீருக்குமான வித்தியாசம் 40-லிருந்து 20 ஆக, சரிபாதியாகிறது. இரண்டின் இயல் மடக்கையான 0.693-ஐ, நீள-விட்ட விகிதமான 200-இன் நான்கு மடங்கால் வகுத்தால் St 0.00087. Pr ஏறத்தாழ 5.4, ஆகவே f 0.021. அழுத்த இழப்பு சுமார் 8,500 பாஸ்கல். வினாடிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றே குறைவான ஓட்டத்துக்கு 8 வாட் போதும். பம்பின் திறன் 60 விழுக்காடானால் 14 வாட். நீர் பெறும் வெப்பமோ 82 கிலோவாட்!

சொரசொரப்பான சுவரிலும் வளைவுகளிலும் இக்கணக்கு பொய்க்கும். அங்கே உராய்வு ஏறும் அளவுக்கு வெப்பக் கடத்தல் ஏறாது. உப்புப் படிந்த குழாயில் பிழை இன்னும் மோசம்: வெப்பம் குறைவதால் கணித்த f இறங்கும், உண்மையான உராய்வோ கூடும். அளந்த அழுத்த இழப்பு கணக்கைத் தெளிவாக மிஞ்சினால் இவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.