யாரும் தீயவராகாத முக்கோணக் காதல்: சிலப்பதிகாரத்தில் தேர்வும் விலையும்

முக்கோணக் காதலை மையமாகக் கொண்ட கதைகளில் பெரும்பாலானவை தம் சிக்கலை ஒரு பாத்திரத்தின் மீது ஏற்றிவிட்டு எளிதாக முடிந்துவிடுகின்றன. மனைவி கடுஞ்சொல் உடையவள், அல்லது மற்றவள் பொருள் விரும்பி, அல்லது ஆடவன் வஞ்சகன் என்று ஆக்கியவுடன் படிப்பவர் யார் பக்கம் நிற்பது என்பது தீர்ந்துவிடும். அவ்வாறு தீர்ந்தபின் கதையில் தேர்வு என்று ஒன்று இல்லை. தண்டனை மட்டுமே எஞ்சுகிறது. மூவரில் எவரையும் தீயவராக்காமல், மூவரும் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் மெய்யான விலை கொடுக்கச்செய்து ஒரு கதையை அமைப்பது எவ்வாறு என்பதைச் சிலப்பதிகாரத்தின் கோவலன், கண்ணகி, மாதவி ஆகியோரை முன்வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்காப்பியத்தின் அரசியல் நீதி, பத்தினி வழிபாடு ஆகியன பற்றிப் பலர் விரிவாக எழுதியுள்ளமையால் அவை இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

முதலில் நோக்கத்தக்கது, இம்முக்கோணம் காதலால் தொடங்கவில்லை என்பதாகும். ஐந்து வயதில் பயிற்சி தொடங்கிப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறிய மாதவிக்குச் சோழ மன்னன் தலைக்கோல் பட்டமும் மாலையும் அளிக்கிறான். அம்மாலையை 1008 கழஞ்சு பொன்னுக்கு வாங்குவோன் மாதவியை அடைவான் என்று கூனி ஒருத்தி செல்வர் நடமாடும் தெருவில் விலை கூறி நிற்கிறாள். கோவலன் வாங்குகிறான். இந்நிகழ்ச்சியில் மாதவியின் விருப்பம் கேட்கப்படவே இல்லை. அவள் கோவலனைக் கண்ணகியிடமிருந்து கவர்ந்தவள் என்று கூற இடமில்லாத வகையில் இளங்கோவடிகள் தொடக்கத்தையே அமைத்துவிட்டார். கோவலனும் தன் நகரத்துச் செல்வ இளைஞர் செய்யும் செயலையே செய்கிறான். அவன் மனைவியை வெறுத்துப் பிரிந்ததற்கான ஒரு குறிப்பும் காப்பியத்தில் இல்லை. பிரிவுக்குக் காரணமாக நிற்பது ஒரு நகரத்தின் வழக்கம். வழக்கத்திற்கு முகமில்லை, ஆகவே அதைத் தீயவராக நிறுத்திப் படிப்பவர் மனநிறைவு கொள்ளவும் இயலாது.

இங்கு விலை பொன்னாகக் குறிக்கப்படுகிறது. காப்பியம் முழுவதிலும் இந்த விலை உருமாறிக்கொண்டே செல்வதைக் காணலாம். கோவலன் மாதவியிடம் சென்றபின் கண்ணகியின் நிலையை அந்திமாலைச் சிறப்புச்செய் காதை அவள் அணியாது விட்டவற்றைக் கொண்டே உணர்த்துகிறது. அவள் அடிகளில் சிலம்பு இல்லை. துயரத்தால் கழற்றி வைக்கப்பட்ட அந்தச் சிலம்புதான், ஏனைய செல்வமெல்லாம் கரைந்தபின், அவ்வீட்டில் எஞ்சி நிற்கும் பொருளாகிறது. ஒரு பாத்திரத்தின் துயரத்தைக் கண்ணீரால் எழுதுவதற்கும், பின்னர் கதையைச் செலுத்தப்போகும் ஒரு பொருளால் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடம் தெளிவாகக் காட்டும்.

இனி, பிரிவு நிகழும் கானல்வரிக்கு வருவோம். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிக் காவிரியையும் நெய்தல் நிலத்தையும் பாடுகிறான். அப்பாடல்களில் வேறொரு பெண்ணை அவன் எண்ணியிருப்பதாக மாதவி கருதுகிறாள். ஊடலின் குறிப்போடு, தானும் வேறொருவனை எண்ணியவள்போல் பாடுகிறாள். கோவலன் அதனை மெய்யென்று கொண்டு எழுந்து போய்விடுகிறான். இருவரும் பொய் சொல்லவில்லை; இருவரும் பாடவே செய்தனர். பாட்டின் மரபுப்படி பாடப்பட்டதை வாழ்க்கையின் வாக்குமூலமாகக் கேட்டதே பிழை. ஊழ் யாழை முன்னிறுத்தி வந்தது என்று ஆசிரியர் கூறுவதைக் கொண்டு, அவர் பொறுப்பை விதியின்மேல் ஏற்றிவிட்டார் என்பாரும் உளர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. ஊழ் அப்பொழுதை அமைத்தது என்று கொள்ளினும், எழுந்து சென்றவன் கோவலன். ஆறு காதைகளுக்குப் பின் அவனே அதனைத் தன் தீது என்று ஏற்றுக்கொள்கிறான்.

இங்கிருந்து மாதவி எழுதும் இரண்டு மடல்களே இக்கட்டுரையின் கருத்துக்கு உயிர்நாடி.

முதல் மடல் வேனிற்காதையில் வருகிறது. மலர்களால் தொடுத்த மாலையின் இடையே தாழையின் மடலில், இளவேனிலையும் திங்களையும் முன்னிட்டுக் காதலின் வழக்கமான அணிமொழியில் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் அதைப் பெற மறுக்கிறான். மறுப்பதற்கு அவன் கூறும் காரணம் ஆய்ந்து நோக்கத்தக்கது. அவள் தன்னிடம் காட்டிய அன்பின் ஒவ்வொரு நிலையையும் ஒரு நடிப்பாக எண்ணி அடுக்கி, ஆடல் மகளுக்கு அவை இயல்பே என்று முடிக்கிறான். ஒரு பாத்திரம் மற்றொரு பாத்திரத்தைத் தீயவளாக்கும் இடம் இது. ஆனால் ஆசிரியர் அவனோடு சேர்ந்துகொள்வதில்லை. மடலை ஏற்காத செய்தி கேட்டபின்னும் அவன் காலையில் வருவான் என்று கூறித் துயிலாது கிடக்கும் மாதவியைக் காட்டி அமைகிறார். தீயவர் இல்லாத கதை என்பது யாரும் யாரையும் பழிக்காத கதை என்று புதிதாக எழுத வருவோர் தவறாகப் பொருள் கொள்வதுண்டு. பாத்திரங்கள் பழிக்கலாம், பழிக்கவும் வேண்டும். எழுதுபவர் அப்பழியை உறுதிசெய்யாதிருத்தலே தேவை.

கோவலன் வீடு திரும்புகிறான். செல்வம் தொலைத்தது நாணம் தருவதாகக் கண்ணகியிடம் கூறுகிறான். அவள் முறுவலித்துச் சிலம்பு உள்ளது, கொள்க என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் குறைந்ததால் அவன் வாடுகிறான் என்று எண்ணியே அவள் இதைச் சொன்னாள் எனப் பொருள் கொள்வதே இவ்விடத்திற்குப் பொருந்தும். அவ்வாறாயின், கண்ணகி இங்கு தன் கணவனின் பிரிவுக்குத் தானே பொன் தர முன்வருகிறாள். இதற்குச் சற்று முன்னரே, காமவேள் கோட்டத்தில் வழிபட்டால் கணவன் மீள்வான் என்று தேவந்தி கூறியபோது அது தனக்குப் பெருமையன்று என்று மறுத்தவள் அவள். கணவனை மீட்க ஒன்றும் செய்யாதவள், அவன் கேட்பதாகத் தான் கருதிய ஒன்றை மட்டும் தருகிறாள். அவளைப் பொறுமையின் உருவம் என்று மட்டும் கூறுவது இம்முரணைக் காணாது விடுவதாகும்.

இரண்டாம் மடல் புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலன் கையை அடைகிறது. கோசிகன் என்னும் அந்தணன், வாடிய மாதவிக் கொடி ஒன்றை நோக்கி, நீயும் கோவலனைப் பிரிந்தாயோ என்பதுபோலப் பேச, அதைக் கேட்டே கோவலன் அவனை அணுகுகிறான். மடலின் இலச்சினையில் படிந்த மாதவியின் கூந்தல் நறுநெய் மணம் அவனைப் பழைய நாளுக்கு இழுக்கிறது. உள்ளே அணிமொழி இல்லை. முதுபெற்றோருக்குச் செய்யவேண்டிய கடமையையும் விட்டு, மனைவியோடு இரவில் ஊரை நீங்குமளவுக்குத் தன் பிழை யாது என்று அறியாது கலங்குவதாகவும், தன்னைப் பொறுத்தருள வேண்டும் என்றும் மட்டும் எழுதியிருக்கிறாள். அவள் மீது தீதில்லை, தீது தன்னதே என்று கோவலன் உணர்கிறான்.

இம்மடல் வந்துசேரும் காலமே இதன் ஆற்றல். இது முதல் மடலின் இடத்தில் வந்திருந்தால் அவன் மாதவியிடம் திரும்பியிருப்பான். கண்ணகியின் துயரம் நீண்டிருக்கும். இப்பொழுதோ அவன் கண்ணகியோடு புறப்பட்டுவிட்டான். உண்மை அறியப்படுகிறது, ஆனால் அதற்கேற்பச் செயல்பட வழியில்லை. திரும்பினால் கண்ணகிக்கு இரண்டாம் முறை அநீதி. திரும்பாவிடில் குற்றமற்றவள் என்று தானே அறிந்த மாதவிக்கு அநீதி. மேலும் ஒரு செயல் செய்கிறான்: அம்மடலின் சொற்கள் தான் பெற்றோருக்கு எழுதுவதற்கும் பொருந்துவதைக் கண்டு, அதையே தன் தந்தையிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் கொடுத்துவிடுகிறான். மாதவியின் மன்னிப்பு வேண்டுதல் அவனது மன்னிப்பு வேண்டுதலாகிவிடுகிறது. அவளுக்கோ மறுமொழி இல்லை. அம்மடலைக் கண்ணகிக்குக் காட்டியதாகவும் காப்பியம் கூறவில்லை. மூவரையும் ஒரே நேரத்தில் தொடும் இத்தகைய செயல் ஒன்றைக் கண்டுபிடிப்பதே இவ்வகைக் கதையை எழுதுவதில் மிகக் கடினமான பணி என்பது என் கருத்து.

கொலைக்களக் காதையில் கண்ணகி தன் கணக்கை ஒருமுறை கூறுகிறாள். விருந்தெதிர்கோடல் முதலிய அறங்களைத் தான் இழந்ததையும், மாமனும் மாமியும் வந்தபோது நோயை மறைத்துப் பொய்ம்முறுவல் காட்டியதையும், அம்முறுவலே அவர்களை வருத்தியதையும் சொல்கிறாள். போற்றத்தகாத ஒழுக்கம் புரிந்தீர் என்று கோவலனிடம் நேராகவே கூறுகிறாள். மாற்ற எண்ணாத உள்ளத்தோடு உடன் வந்தேன் என்கிறாள். இது மன்னிப்பு அன்று, இழந்ததன் பட்டியல். அவள் இதனை வாய்விட்டுக் கூறாதிருந்தால், அவள் இழப்பு படிப்போர் ஊகத்திற்கு விடப்பட்டு, கோவலனின் மீட்சி மலிவானதாக ஆகியிருக்கும்.

கோவலன் கொலையுண்பதால் இம்முக்கோணமும் மரணத்தால் தீர்க்கப்பட்டதே எனலாம். ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஸ்ரீதர் இயக்கிய நெஞ்சில் ஓர் ஆலயம் (1962) திரைப்படத்திலும் தீயவர் எவரும் இல்லை. நோயுற்ற கணவன், மனைவி, அவளை முன்னர் காதலித்த மருத்துவர் என மூவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க முயல்கின்றனர். ஆயினும் கணவனைக் காப்பாற்றிய மருத்துவர் உழைப்பின் மிகுதியால் இறந்துபோக, வாழ்வோர் இருவரும் தேர்வின் சுமையிலிருந்து விடுபடுகின்றனர். அங்கே மரணம் முடிச்சை அவிழ்க்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் இறப்பதற்கு முன்பே முடிச்சு வேண்டிய அளவு இறுகி, விலைகளும் கொடுக்கப்பட்டுவிட்டன. மரணத்தைக் கொணர்பவன் பொற்கொல்லன். அவன் முக்கோணத்திற்கு வெளியே நிற்பவன், மூவரின் காதலையும் அறியாதவன். காப்பியத்தின் உண்மையான வஞ்சகனை இவ்வாறு வெளியே நிறுத்தியதால், மூவரில் எவர்மீதும் அக்கொலையின் பழி விழவில்லை. வஞ்சகன் கதைக்கு வேண்டுமெனின் அவனை எங்கே வைப்பது என்பதற்கு இது நல்ல விடை. எழுதுவோர் தம் படைப்பைச் சோதிக்க எளிய வழியும் இதிலிருந்து கிடைக்கிறது: மரணத்தை நீக்கிவிட்டுக் கதையைப் படித்துப்பார்த்தல். அப்போது மூவருக்கும் இழப்பு எஞ்சினால் அமைப்பு நின்றது. எஞ்சாவிடில் மரணம் எழுத்தாளரின் சோர்வை மறைத்திருக்கிறது.

மாதவி கொடுக்கும் இறுதி விலை இரு காப்பியங்களில் பரவிக் கிடக்கிறது. கோவலன் இறந்த செய்தி கேட்டு அவள் துறவு பூண்டதையும், மணிமேகலையைக் கணிகையர் வாழ்வில் செலுத்தவேண்டாம் எனத் தன் தாயிடம் கூறியதையும் நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாக அறிகிறோம். மணிமேகலைக் காப்பியம் இதனை மேலும் ஒரு படி கொண்டுசெல்கிறது. இந்திர விழாவில் ஆட வருமாறு சித்திராபதி விடுத்த செய்தியோடு வந்த வசந்தமாலையிடம் மாதவி மறுத்துரைக்கிறாள். மடலைச் சுமந்து சென்று வெறுங்கையுடன் திரும்பிய அதே வசந்தமாலை. அவளிடம் மாதவி கூறும் காரணம், மணிமேகலை மாபெரும் பத்தினியாகிய கண்ணகியின் மகள் என்பதாகும்.