கண் திறந்திருக்கும், வலி தெரியாது

சைக்கிளிலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்த ஆறு வயதுப் பையன். எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட பதினைந்து நிமிடம் போதும். ஆனால் விழித்திருக்கும் பிள்ளையால் அந்த வலியைத் தாங்க முடியாது. இதற்காக முழு மயக்கம் கொடுத்து தொண்டையில் குழாய் போடுவதும் அதிகம். இப்படிப்பட்ட நேரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் கைகொடுப்பது கீட்டமைன் ஊசி.

பையன் 20 கிலோ என்றால், நரம்பு வழியாக ஏறக்குறைய 30 மில்லிகிராம். அதை ஒரே அழுத்தாக அழுத்தாமல் ஒரு நிமிடம் எடுத்து ஏற்றுவார்கள். வேகமாகப் போனால் மூச்சு கொஞ்ச நேரம் நின்றுவிடக்கூடும்.

மருந்து உள்ளே போன ஒரு நிமிடத்துக்குள் அழுகை அடங்கிவிடும். அம்மா பயந்துபோவது அதற்கப்புறம்தான். பையன் கண்ணை மூடுவதில்லை. எங்கோ வெறித்துப் பார்க்கிறான், கருவிழி பக்கவாட்டில் துடிக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, கால் தானாக அசைகிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. வலியில் துடிக்கிறானோ என்று தோன்றும். இல்லை. மூளைச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் என்.எம்.டி.ஏ. என்ற வாயில்களை கீட்டமைன் அடைத்துவிடுகிறது. கையை இழுப்பது 'எனக்கு நடக்கிறது' என்ற உணர்வாகத் திரள்வதில்லை. மூச்சு மட்டும் பெரும்பாலும் தன்பாட்டில் ஓடும். ரத்த அழுத்தமும் இறங்காமல் சற்று ஏறும்.

அபூர்வமாகக் குரல்வளை இறுகிக்கொள்ளும். நெஞ்சு ஏறி இறங்கினாலும் காற்று உள்ளே போகாது. அதனால்தான் ஒருவர் பையனின் மூச்சை மட்டுமே கவனிப்பார். ஆக்சிஜன் முகமூடியும் கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

பத்து, இருபது நிமிடத்தில் பார்வை மெல்ல நிலைக்கும். பேச்சு குழறும், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், நிற்க வைத்தால் தள்ளாடும். ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுக்கு வாந்தி வருவதுண்டு.

பெரியவர்களுக்கு இந்த விழிப்பு வேறு மாதிரி. உடம்பை விட்டு மிதந்ததாக, சுரங்கத்துக்குள் போனதாகச் சிலர் சொல்வார்கள். சிலருக்கு அது சுகமான கனவு. சிலர் செத்துப்போய்விட்டோம் என்றே நம்பி அலறி எழுவார்கள். மிடசோலம் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் இந்தக் கலவரம் குறையும். ஊசிக்கு முன்பே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவதும், விழிக்கும் நேரத்தில் சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைப்பதும் நல்லது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்தைத் தவிர்ப்பார்கள். இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விழிக்கும்போது கூட இருப்பவர்கள் உலுக்கி எழுப்பவோ கேள்வி கேட்கவோ வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாழ்ந்த குரலில் பேசினால் போதும். பழையபடி பேசி, அவரவர் வயதுக்கேற்ப நடக்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள். பொதுவாக இதற்கு ஓரிரு மணி நேரம். அன்று மாடிப்படியில் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். பெரியவர்கள் மறுநாள்வரை வண்டி ஓட்டக்கூடாது. வாந்தி விடாமல் தொடர்ந்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, உடனே திரும்பக் கூட்டி வர வேண்டும்.