பால்கனிப் படம் அனுப்பினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

செடி வளர்க்கத் தெரிந்தவர்களின் கைப்பேசிக்கு அடிக்கடி வரும் படம் இது: சின்ன பால்கனி, நாலைந்து தொட்டி, கீழே "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு வரி. புதிதாக என்ன செடி வைக்கலாம் என்று கேட்கிறாரா, தொட்டிகளை எப்படி அடுக்குவது என்கிறாரா, செடிக்கு நோய் வந்துவிட்டதோ என்று பயப்படுகிறாரா? படத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. அவரிடமே கேட்டுவிடலாம். எந்தக் கேள்வியாக இருந்தாலும் படத்தைப் பார்க்கும் வரிசை மட்டும் ஒன்றுதான்: முதலில் பூச்சி, அடுத்து வெயில், பிறகு இடம், கடைசியில் புதுச்செடி.

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஜூன் மாதத்தில் ஒரு தோழி அனுப்பிய படத்தை எடுத்துக்கொள்வோம். கிரில் ஓரமாகச் செம்பருத்தி, பக்கத்தில் கறிவேப்பிலை, துளசி, ஒரு காலித் தொட்டி. அந்தக் காலித் தொட்டியில் ரோஜா வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

படத்தைப் பெரிதாக்கியபோது செம்பருத்தியின் நுனிக்கிளையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உப்புத்தண்ணீர் தெளித்து உலர்ந்த கறையும் வெள்ளைதான், மாவுப்பூச்சியும் வெள்ளைதான். கறை இலையின் மேற்பரப்பில் பரவலாக இருக்கும். பூச்சியோ இலைக்காம்பு கிளையோடு சேரும் இடுக்கிலும் இலையின் அடியிலும் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். "தண்டில் எறும்பு ஏறுதா, கீழ் இலையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கா?" என்று கேட்டேன். இரண்டும் இருந்தன. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை வெளியேற்றுகிறது. அதற்காக வரும் எறும்புகள், மாவுப்பூச்சியைத் தின்னவரும் பொறிவண்டுகளை விரட்டிவிடுகின்றன. அதனால் எறும்பைத் தடுக்காமல் பூச்சியை மட்டும் ஒழிப்பது கடினம்.

அந்தத் தொட்டியை முதலில் தனியாக நகர்த்தி வைக்க வேண்டும். பூச்சி மொய்த்த நுனிகளை வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். மீதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். பஞ்சுக்குள் இருக்கும் முட்டைகள் ஒரே தெளிப்பில் சாகாது. வாரம் ஒருமுறையாக மூன்று வாரமாவது தொடர வேண்டும். இது அடங்குமுன் வாங்கிவரும் ரோஜாவுக்கும் இதே பூச்சி ஏறிவிடும்.

அடுத்தது வெயில். படம் இதில்தான் அதிகம் ஏமாற்றும். கைப்பேசிக் கேமரா நிழலைத் தானாகவே வெளிச்சமாக்கிவிடுவதால், இருண்ட மூலையும் படத்தில் பளிச்சென்றிருக்கும். மாதமும் ஏமாற்றும். தோழியின் பால்கனி வடக்குப் பார்த்தது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதிவரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். ஜூனில் அது உதிப்பதும் மறைவதும் வடக்கே சாய்ந்துதான் என்பதால் காலையும் மாலையும் அந்தப் பால்கனிக்குள் வெயில் விழுந்தது. செப்டம்பர் கடைசிக்குப் பிறகு சூரியன் தெற்கே போய்விடும். மார்ச்வரை நேர்வெயில் அங்கே எட்டிப்பார்க்காது. ரோஜாவுக்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். ஜூன் படத்தை நம்பி வைத்தால் ஐப்பசியில் மொட்டில்லாமல் நிற்கும். அதனால் வெற்றிலை, கற்பூரவல்லி, மணி பிளான்ட் மூன்றையும் சொன்னேன். செம்பருத்தியும் அந்த மாதங்களில் குறைவாகத்தான் பூக்கும். அதை நோய் என்று நினைத்து உரத்தை அள்ளிப் போட வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை எடைதான் முக்கியம். பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஈரமண்ணோடு சுமார் இருபது கிலோ கனக்கும். பெரிய தொட்டிகள் வீட்டுச்சுவரை ஒட்டியும், சிறியவை கிரில் ஓரத்திலும் இருக்கட்டும். ஆனால் வெயில் விழுவது கிரில் ஓரத்தில்தான். எனவே வெயில் கேட்கும் செடிகளுக்குச் செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் தொட்டியின் கனம் குறையும். கிரிலுக்கு வெளிப்பக்கம் எதையும் தொங்கவிடக் கூடாது. தரையில் தண்ணீர் போகும் துளையை மறைத்தும் தொட்டி வைக்கக் கூடாது.

நீங்களும் யாரிடமாவது யோசனை கேட்பதானால் ஒரே படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வாசலில் நின்று முழு பால்கனியையும் காலை எட்டு, நண்பகல், மாலை நான்கு என ஒரே இடத்திலிருந்து மூன்று முறை எடுங்கள். சந்தேகப்படும் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். திசை, மாதம், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். இவ்வளவும் இருந்தால் பார்ப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை, நீங்களும் நர்சரியில் வீணாகச் செலவழிக்க வேண்டியதில்லை.