கூடுதலாக விற்ற ஒரு கால் ஆப்ஷன்

2024 மே 31, வெள்ளிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல் முடிவுக்கு நான்கு நாள் இருந்தது. நிஃப்டி 22,530 புள்ளிகளில் முடிந்தது. சந்தையின் பதற்றத்தை அளக்கும் இந்தியா விக்ஸ், ஏப்ரல் கடைசியில் 10, 12 என்று கிடந்தது. இப்போது 24ஐத் தாண்டியிருந்தது. பதற்றம் கூடினால் ஆப்ஷன் விலையும் கூடும். தொலைவில் இருக்கும் ஸ்ட்ரைக்குகளுக்குக்கூட நல்ல பிரீமியம் கிடைக்கும். ரேஷியோ ஸ்ப்ரெட் போட ஆசை வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நாட்களில்தான்.

அதன் அமைப்பு எளிது. கால் ஆப்ஷன் வாங்கியவருக்கு, நிஃப்டி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலே போனால், போன அத்தனை புள்ளியும் லாபம். அந்த அளவுதான் ஸ்ட்ரைக். அந்த உரிமைக்கு அவர் கொடுக்கும் விலை பிரீமியம். விற்றவர் பிரீமியத்தை வாங்கிக்கொள்கிறார். மேலே போகும் புள்ளிகளைக் கொடுக்கும் பொறுப்பும் அவருடையது. ரேஷியோ ஸ்ப்ரெட்டில் ஒரு கால் ஆப்ஷனை வாங்கி, அதைவிட உயரமான ஸ்ட்ரைக்கில் இரண்டை விற்கிறோம். விற்ற இரண்டில் ஒன்றுக்கு, வாங்கியது காவல். இரண்டாவதற்குக் காவல் இல்லை.

அன்றைய நிலவரத்தையே வைத்துக் கணக்கு போடுவோம். நிஃப்டி அளவுகள் உண்மையானவை. பிரீமியங்கள் மட்டும், அன்றிருந்த பதற்றத்துக்குப் பொருந்துமாறு நான் எடுத்துக்கொண்டவை. ஜூன் 6 வியாழனன்று முடியும் 22,700 கால் ஒன்றை 210 ரூபாய்க்கு வாங்குகிறோம். 23,000 கால் இரண்டை, ஒன்று 115 வீதம் விற்கிறோம். கொடுத்தது 210, வந்தது 230. கையில் 20 ரூபாய் மிச்சம்.

எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 22,700க்குக் கீழே இருந்தால் மூன்றுமே காலி. அந்த 20 நமக்கு. சரியாக 23,000ல் முடிந்தால் வாங்கியதில் 300, அதோடு மிச்சம் 20, ஆக 320. இதுதான் அதிகபட்ச லாபம். 23,000ஐத் தாண்டிய பிறகு, நிஃப்டி ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் வாங்கியதில் ஒன்று வருகிறது, விற்றதில் இரண்டு போகிறது. 320 புள்ளி லாபமும் 23,320ல் கரைந்துவிடும். அதற்கு மேல் நஷ்டத்துக்கு எல்லை கிடையாது.

கணினித் திரையில் இதன் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு மனசு இளகிவிடும். இடப்பக்கம் முழுக்க லாபம், நடுவில் ஒரு கோபுரம், வலப்பக்கம் தூரத்தில் ஒரு சரிவு. நிஃப்டி நான்கு நாளில் 800 புள்ளி ஏறினால்தானே நஷ்டம் என்று தோன்றும்.

சனிக்கிழமை மாலை கருத்துக்கணிப்புகள் வந்தன. ஆளும் கூட்டணிக்குப் பெரிய வெற்றி என்றன. திங்கள் காலை நிஃப்டி 23,337ல் திறந்தது. வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் இடையே 800 புள்ளிகளுக்கு மேல். "23,000 வந்தால் வெளியே வந்துவிடுவேன்" என்று ஸ்டாப் லாஸ் யோசித்து வைத்திருந்தவருக்கு அந்த 23,000 கண்ணிலேயே படவில்லை. சந்தை மூடியிருந்த நேரத்தில் அது கடந்துபோய்விட்டது.

அன்று மாலை நிஃப்டி 23,263.90ல் முடிந்தது. எக்ஸ்பைரி வரைபடத்தில் இந்த இடத்துக்கு இன்னும் 56 புள்ளி லாபம் காட்டும். ஆனால் எக்ஸ்பைரிக்கு மூன்று நாள் பாக்கி. மீதமிருக்கும் நாளுக்கும் பதற்றத்துக்கும் ஆப்ஷனில் ஒரு விலை உண்டு. விக்ஸ் 21 அளவில் இருந்ததாக வைத்து ஆப்ஷன் சூத்திரத்தில் போட்டால், வாங்கிய 22,700 கால் ஏறக்குறைய 585 ரூபாய். விற்ற 23,000 கால் ஒவ்வொன்றும் சுமார் 340. இரண்டும் சேர்ந்து 680. இப்போது வெளியே வரவேண்டுமானால் 95 ரூபாய் கையிலிருந்து போடவேண்டும். மிச்சம் வைத்த 20 போக, 75 புள்ளி நஷ்டம். வரைபடம் லாபம் என்கிறது, கணக்கு நஷ்டம் என்கிறது. இரண்டுமே சரி, வரைபடம் வியாழக்கிழமையைப் பற்றிப் பேசுகிறது, மார்ஜின் கேட்கும் தரகருக்குத் திங்கட்கிழமைதான் முக்கியம்.

ரேஷியோ ஸ்ப்ரெட்டைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். கடைசி நாள் எங்கே முடியும் என்பது பாதிக் கணக்கு. அதுவரை தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறதா என்பது மறுபாதி. அன்று நிஃப்டி லாட் 25. இருபது செட் போட்டவருக்கு வெள்ளியன்று வந்த மிச்சம் 10,000 ரூபாய். திங்கள் மாலை காகித நஷ்டம் 37,500. காவலில்லாத இருபது லாட்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பு. அதற்குப் பல லட்ச ரூபாய் மார்ஜின் கட்டியிருக்க வேண்டும். சந்தை ஏற ஏற அந்த மார்ஜினும் ஏறும். கூடுதல் பணம் கட்ட முடியாதவரின் பொசிஷனைத் தரகரே முடித்துவிடலாம்.

அடுத்த நாள், ஜூன் 4. வாக்கு எண்ணிக்கை கணிப்புகளைப் பொய்யாக்கியது. பா.ஜ.க.வுக்கு 240 இடங்களே கிடைத்தன. நிஃப்டி ஒரு கட்டத்தில் 21,281 வரை விழுந்து, 21,884.50ல் முடிந்தது. கால் ஆப்ஷன்கள் சுருங்கின. வியாழன் எக்ஸ்பைரியில் நிஃப்டி 22,821.40. பொறுத்திருந்தவருக்கு வாங்கிய காலில் 121, மிச்சம் 20. இருபது செட்டுக்கு 70,000 ரூபாய்க்குச் சற்று மேல் லாபம். திங்களன்று வெளியே தள்ளப்பட்டவருக்கு அதே பொசிஷனில் நஷ்டம். இருவருடைய கணிப்பும் ஒன்று, ஸ்ட்ரைக்கும் ஒன்று. ஒருவரிடம் மார்ஜின் இருந்தது, மற்றவரிடம் இல்லை. கீழ்ப்பக்கத்தில் புட் ஆப்ஷனை வைத்து இதே ஸ்ப்ரெட் போட்டவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை வந்தது அந்தச் சோதனை. பொதுவாக அது இன்னும் கடினம். சந்தை விழும்போது பதற்றமும் கூடுவதால், விற்ற புட்டுகள் இரண்டு காரணங்களால் வீங்கும்.

காவலில்லாத அந்த ஒரு ஆப்ஷனுக்கும் காவல் போட வழி இருக்கிறது. மேலே 23,400 கால் ஒன்றையும் வாங்கிவிடுவது. அதற்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த 20 போய், நாம் 20 கொடுக்க வேண்டியதாகிறது. ஆனால் நிஃப்டி 24,000 போனாலும் 25,000 போனாலும் நஷ்டம் 120 புள்ளிக்கு மேல் போகாது. மார்ஜினும் வெகுவாகக் குறையும். கூடுதல் பிரீமியம் இனாமாக வந்ததல்ல, 23,320க்கு மேல் நடப்பதையெல்லாம் ஏற்றுக்கொண்டதற்கான கூலி என்பது இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரியும்.

தனிப்பங்குகளில் இதைச் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். நிஃப்டி ஆப்ஷன் பணத்தில் தீரும். பங்கு ஆப்ஷன் நம் நாட்டில் பங்காகவே தீர்க்கப்படுகிறது. கூடுதலாக விற்ற கால் எக்ஸ்பைரியில் லாபத்தில் முடிந்தால், அந்த லாட் முழுவதற்கும் பங்கைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

நிஃப்டி லாட் 2024 நவம்பரில் 75 ஆக்கப்பட்டது. அதற்குப் பிறகும் மாறியிருக்கிறது. ஆகவே பழைய பழக்கத்தில் செட் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். ஆர்டர் போடுமுன் விற்ற லாட்டிலிருந்து வாங்கிய லாட்டைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் வந்தால், நாளைக் காலை சந்தை ஆயிரம் புள்ளி தள்ளித் திறப்பதாக வைத்து, எக்ஸ்பைரி விலையில் அல்ல, அன்றைய விலையில் நஷ்டத்தை ரூபாயில் எழுதுங்கள். அந்தத் தொகையும் கூடுதல் மார்ஜினும் வங்கியில் இல்லையென்றால், மூன்றாவது காலையும் வாங்கிவிடுங்கள்.