மாத்திரை போட்ட இரவில் குழந்தை அழுதால்

பிரசவத்துக்குப் பிறகு மனநோய்க்கு மருந்து எடுக்கும் தாய்மார்கள் பலர் மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. "ராத்திரி இதைப் போட்டுக்கிட்டுத் தூங்கிட்டா, பிள்ளை அழுறது எனக்குக் கேக்குமா?" கேட்டால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, குழந்தையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் கேட்காமலே வீடு திரும்பி, ஒரு நாள் போட்டு, ஒரு நாள் ஒளித்துவைத்து, தாமாகவே மருந்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்: கேட்காமல் போகலாம். தாய்ப்பாசம் எவ்வளவு இருந்தாலும் கேட்காமல் போகலாம். ஆனால் அதற்காக மருந்தை விடுவது தீர்வே அல்ல. இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கும், பிரசவத்துக்குப் பின் மனப்பிறழ்வு கண்டவர்களுக்கும் தொடர்ந்து தூக்கம் கெடுவதே நோயைத் திரும்பக் கொண்டுவரலாம். அவர்களுக்கு இரவுத் தூக்கம் சிகிச்சையின் ஒரு பகுதி. ஆகவே அந்தத் தூக்கம் நடக்கும் நேரத்தில் குழந்தையின் அழுகையைக் கேட்க வேண்டிய காது வேறொருவருடையதாக இருக்க வேண்டும். யாருடையது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்பதைத்தான் வீடு தீர்மானிக்க வேண்டும்.

இந்த நிலையில் அடிக்கடி எழுதப்படும் மருந்துகளில் ஒன்று குவெட்டியாபின். மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் வேலையை அது தடுக்கிறது. அதனால் வழக்கமாக எழுப்பிவிடும் சத்தம் போதாமல் போகிறது. சாதாரண மாத்திரை வடிவத்தில் விழுங்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடும். பிறகு ஆறேழு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஓலன்சபினும் குளோனசெபமும் இதைவிட நெடுநேரம் உடலில் தங்கும். அவற்றை எடுப்பவர்கள் காலையிலும் கிறக்கமாக இருப்பது அதனால்தான். உங்கள் மருந்துக்கு இந்த நேரங்கள் என்ன என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற ஏற்பாடெல்லாம் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு வாரக் குழந்தை. தாய்க்கு இரவில் ஒரு வேளை குவெட்டியாபின். குழந்தை சுமாராக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு அழும். ஒன்பதரைக்குத் தாய் பால் கொடுக்கிறாள், மீதிப் பாலைப் பீய்ச்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறாள், உடனே மாத்திரையைப் போடுகிறாள். பத்து மணிக்கு வேறு அறையில் படுத்துவிடுகிறாள். அந்த நேரத்திலிருந்து குழந்தை கணவனின் பொறுப்பு. பன்னிரண்டரைக்கு எடுத்துவைத்த பாலை அவன் புகட்டுகிறான். நான்கு மணிப் பாலுக்கு, தாய் தெளிவாக இருந்தால் அவள். இல்லையென்றால் அன்றைக்கும் அவனே. மார்பு கட்டிக்கொண்டு வலித்தால் தாய் எழுந்ததும் முதலில் பீய்ச்சிவிட வேண்டும். குவெட்டியாபின் தாய்ப்பாலில் கலப்பது மிகக் குறைவு என்பதால் பலருக்குப் பால்கொடுக்க அனுமதிப்பார்கள். குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பொறுப்பில் இருக்கும் கணவனுக்கும் சில கட்டாயங்கள் உண்டு. அன்று அவன் குடித்திருக்கக் கூடாது. தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையோ இருமல் மருந்தோ போட்டிருக்கக் கூடாது. குழந்தை அவன் பக்கத்திலேயே, ஆனால் தனியாக, கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் தாயின் அணைப்பில் குழந்தையைப் படுக்கவைப்பது பரம்பரை வழக்கம். அதைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் மயக்கும் மருந்து போட்டவர் பக்கத்தில் குழந்தையைப் படுக்கவைத்தால் திடீர் மரண ஆபத்து பத்து மடங்குக்கும் மேல் கூடுவதாக அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2022-ல் எச்சரித்தது. மருந்தின் கனத்தில் தூங்குபவருக்குத் தன் கை எங்கே விழுகிறது என்பதே தெரியாது. சோபாவில் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்வது இன்னும் மோசம்.

இங்கே பல வீடுகள் தவறுவது ஓர் இடத்தில். குழந்தை அழுகிறது, கணவன் தாயை உலுக்குகிறான், அவள் "ம்" என்கிறாள், கையை நீட்டுகிறாள், குழந்தையைக் கொடுத்துவிட்டு அவன் தூங்கிவிடுகிறான். அந்த "ம்" விழிப்பு அல்ல. காலையில் கேட்டால் அவளுக்கு நினைவிருக்காது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, குழந்தை கடைசியாக எப்போது பால் குடித்தது என்று கேட்டால் கோர்வையாகப் பதில் சொன்ன பிறகுதான் குழந்தையைக் கையில் கொடுக்க வேண்டும். படுத்திருப்பவரிடம் கொடுக்கவே கூடாது.

எவ்வளவு எழ முடிகிறது என்பதைச் சோதித்தும் பார்க்கலாம். முழு விழிப்போடு இன்னொருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் இரவில், மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, கைபேசியில் பதிவுசெய்த அழுகையைத் தாயின் அறை வாசலில் ஒலிக்கவிடுங்கள். எழுந்து உட்காருகிறாளா? காலையில் நினைவிருக்கிறதா? எழவில்லை என்றால் அது அவள் குற்றமில்லை. அந்த நேரங்களில் அவளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தால்கூட ஓர் இரவை வைத்து முடிவுகட்ட வேண்டாம். மருந்தின் அளவு மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் உலுக்கியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகவோ தொண்டையில் கரகரத்தோ வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், அது தூக்கமல்ல. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

தீ, புகை விஷயத்திலும் இதே சிக்கல். சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். மேலைநாடுகளில் அது நெடுநாளாகவே உண்டு. வழக்கமான கருவி கீச்சென்று ஒலிப்பது ஏறக்குறைய 3100 ஹெர்ட்ஸில். மெல்பர்னில் டோரதி புரூக்கும் அவருடைய குழுவினரும் தூங்குபவர்களிடம் சோதித்தபோது, 520 ஹெர்ட்ஸில் வரும் தடித்த தாழ்ந்த ஒலி குழந்தைகளையும், காது மந்தமானவர்களையும், குடித்திருந்தவர்களையும் அதைவிட நன்றாக எழுப்பியது. மாத்திரை போடுபவர் தனியாகத் தூங்கும் வீட்டில் அந்த வகைக் கருவியை வாங்கலாம். படுக்கைக்கு அடியில் வைத்து அதிரச் செய்யும் கருவியையும் அதோடு இணைக்கலாம். ஆனாலும் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வர வழி வேண்டும். நம் ஊரில் எந்தக் கருவியும் இல்லாத வீடுகளே அதிகம் என்பதால் இது இன்னும் முக்கியம். உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டால் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த சாவியால் பயனில்லை. சாவியால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டை மட்டும் போட்டுக்கொள்ளலாம். எரிவாயு சிலிண்டரை இரவு அடைப்பதும் கொசுவர்த்தியை அணைப்பதும் மாத்திரைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கணவனுக்கு இரவுப் பணி வரும் நாளை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து, அம்மாவையோ தங்கையையோ அன்றைக்கு வரச் சொல்லலாம். யாருமே கிடைக்காத வீடு என்றால் அதை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்தையோ நேரத்தையோ அதற்கேற்ப மாற்ற அவரால் முடியலாம். தானாக ஒரு வேளையைத் தாண்டவிடுவது கூடாது.

தமிழ்த் தாய்மார்கள் பலர் முதல் சில மாதங்கள் தாய்வீட்டில் இருக்கிறார்கள். அங்கே இரவில் குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வதால் மருந்தின் மயக்கம் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. கணவன் வீட்டுக்குப் போன அடுத்த நாளே அந்த ஆள் இல்லை. மாத்திரை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே குழந்தையோடு புறப்படும் தேதி முடிவானதும், அந்த வீட்டில் பத்து மணிக்குப் பிறகு யார் கேட்பார்கள், குழந்தை எங்கே படுக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்று கணவனும் மாமியாரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும். அங்கே போன முதல் வாரத்தில் அந்த அழுகைச் சோதனையையும் இன்னொரு முறை செய்துவிடலாம்.