சத்தமில்லாமல் மாறும் சுயவிவரம்

வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுபவருக்கு ரெஸ்யூமே எழுதித் தருபவர் முதலில் காக்க வேண்டியது ரகசியம். லிங்க்ட்இன் பக்கத்தில் கை வைக்கும் முன், மாற்றங்களைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மேலாளருக்கே செய்தி போகலாம்.

“கணக்கு வேலைகளைக் கவனித்தேன்” என்று ஒரு கணக்காளர் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் எத்தனை பில், எந்த மென்பொருள், ஜிஎஸ்டி தாக்கல் யார் பொறுப்பு என்று கேட்ட பிறகே, “மாதம் 400 பில்களை டாலியில் பதிந்து, ஜிஎஸ்டி தாக்கல் செய்தேன்” என்ற வரி பிறக்கும்.

கட்டணம் பெரும்பாலும் அனுபவ ஆண்டுகளைப் பொறுத்தது. லிங்க்ட்இன் பக்கமும் சேர்ந்தால் கூடும். மூன்று நாள் கெடு என்றால், வாடிக்கையாளரின் பதில்கள் வந்த நாளிலிருந்து எண்ணுவதே நியாயம். ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரே இரவில் தருபவர், பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம்.